"7 சதவீதம் வரை" வட்டியும் கணக்கில் கிடக்கும் 1,50,000 ரூபாயும்

"மாதச் சம்பளம் 60,000. வாடகை, கடன் தவணை என்று 5ஆம் தேதிக்குள் 30,000 போய்விடும், மீதி மாதம் முழுக்கச் செலவாகும். அவசரத்துக்கு என்று கணக்கில் 1,50,000 ரூபாயைத் தொடாமல் வைத்திருக்கிறேன். இப்போதைய வங்கியில் வட்டி 2.5 சதவீதம்தான். ஒரு சிறு நிதி வங்கி '7 சதவீதம் வரை' என்கிறது. இன்னொரு வங்கி ஆட்டோ ஸ்வீப் தருகிறேன் என்கிறது. எதற்கு மாறுவது? கட்டணம், ஆப் வசதி இதெல்லாம் எப்படி ஒப்பிடுவது?"

உங்கள் நிலைமைக்கு ஆட்டோ ஸ்வீப்தான், அதாவது ஒரு வரம்புக்கு மேல் சேரும் பணம் தானாக ஃபிக்ஸட் டெபாசிட்டாக மாறும் வசதிதான், சரி. ஆனால் அதன் வரம்பை வங்கி சொல்லும் தொகையில் வைக்காமல், உங்கள் சம்பளத்தையும் சேர்த்து உயர்த்தி வைக்க வேண்டும். அதற்கு முன்னால், உங்கள் இப்போதைய வங்கியிலேயே ஸ்வீப் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான பெரிய வங்கிகளில் இது இருக்கிறது. ஃப்ளெக்ஸி டெபாசிட், மல்டி ஆப்ஷன் டெபாசிட் என்று ஒவ்வொரு வங்கியிலும் ஒரு பெயர். நாமாகக் கேட்டால் ஒழிய யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் 2.5 சதவீதத்தில் கிடக்கும் பணம்தான் வங்கிக்கு மலிவான பணம். அங்கேயே கிடைத்துவிட்டால் கணக்கு மாற்றும் அலைச்சலே இல்லை.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

சேமிப்புக் கணக்கு வட்டியை 2011 அக்டோபர் 25இல் ரிசர்வ் வங்கி கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. அதற்கு முன் எல்லா வங்கியிலும் ஒரே வட்டி. விடுவித்தபோது ஒரு நிபந்தனையும் வைத்தது: 1 லட்சம் ரூபாய் வரையிலான இருப்புக்கு, ஒரே வங்கிக்குள் எல்லாருக்கும் ஒரே வட்டிதான் தர வேண்டும். அதற்கு மேல் தொகையைப் பொறுத்து வேறுபடுத்திக்கொள்ளலாம். விளம்பரத்தில் பார்க்கும் அடுக்கு வட்டி முறை பெரும்பாலும் 1 லட்சத்தில் பிரிவது இதனால்தான். "7 சதவீதம் வரை" என்ற வாக்கியத்தில் கவனிக்க வேண்டிய சொல் "வரை". அந்த 7 சதவீதம் பெரும்பாலும் 5 லட்சத்துக்கோ 10 லட்சத்துக்கோ மேல் உள்ள தொகைக்குத்தான் பொருந்தும். அதோடு, பல வங்கிகளில் முழு இருப்புக்கும் உயர்ந்த வட்டி கிடைக்காது. ஒவ்வொரு அடுக்கில் விழும் பகுதிக்கு அந்த அடுக்கின் வட்டி மட்டும்தான்.

உங்கள் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். அடியில் 1,50,000 ரூபாய் அசையாமல் கிடக்கிறது. அதன் மேல் சம்பளம் 60,000 வந்து, 5ஆம் தேதிக்குள் பாதி கரைந்து, மீதி மெல்லக் கரைகிறது. அந்த மேல் பகுதியின் தினசரி சராசரி சுமார் 20,000 வரும். ஆக, ஆண்டு முழுவதற்கும் உங்கள் சராசரி இருப்பு 1,70,000. சேமிப்புக் கணக்கின் வட்டி 2010 ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு நாளின் இருப்பையும் வைத்தே கணக்கிடப்படுவதால், இந்தச் சராசரியை வைத்துக் கணக்குப் போடுவது சரியாகவே வரும்.

இப்போதைய வங்கியில் 2.5 சதவீதத்துக்கு ஆண்டுக்கு 4,250 ரூபாய். (பெரிய வங்கிகளில் இது வழக்கமான வட்டிதான். 2025 ஜூனில் ஸ்டேட் வங்கியும் பெரிய தனியார் வங்கிகளும் இந்த அளவுக்கு இறக்கிவிட்டன.)

சிறு நிதி வங்கியின் அடுக்கு, ஒரு பேச்சுக்கு, 1 லட்சம் வரை 3 சதவீதம், 1 முதல் 5 லட்சம் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 7 என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு முதல் லட்சத்துக்கு 3,000, அடுத்த 70,000க்கு 3,500, மொத்தம் 6,500 ரூபாய். அதாவது 3.8 சதவீதம். 7 சதவீதம் என்று நம்பிப் போனவர் 11,900 ரூபாயை எதிர்பார்த்திருப்பார்.

வட்டியை மாதாமாதம் வரவு வைக்கிறோம் என்று சில வங்கிகள் பெரிதாகச் சொல்லும். 4 சதவீத வட்டியில் 1,70,000 ரூபாய்க்கு, காலாண்டுக்கு ஒருமுறை வரவு வைப்பதற்கும் மாதாமாதம் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் ஆண்டுக்கு 25 ரூபாய்கூட இல்லை. அதை ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்து ஸ்வீப். சேமிப்புக் கணக்கில் ஒரு வரம்பை வைப்பார்கள். அதற்கு மேல் சேரும் பணம் தானாகவே ஃபிக்ஸட் டெபாசிட்டாக மாறும். கணக்கில் பணம் போதாதபோது அந்த டெபாசிட்டிலிருந்து தேவையான அளவு மட்டும் உடைந்து திரும்ப வரும். இதைத் தலைகீழ் ஸ்வீப் என்பார்கள். வட்டிக்கு வட்டி, அவசரத்துக்கு அவசரம் என்று கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் என்ன கிடைக்கும் என்பது, பணம் டெபாசிட்டில் எத்தனை நாள் தங்குகிறது என்பதைப் பொறுத்தது.

வங்கி வழக்கமாகச் சொல்லும் வரம்பு 30,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருட டெபாசிட்டுக்கு 6.25 சதவீதம். கணக்கில் எப்போதும் 30,000 இருக்கும்படி வங்கி நிரப்பிக்கொண்டே இருக்கும் வகை இது. உங்கள் அடி இருப்பில் 30,000 சேமிப்பில் நிற்கும், 1,20,000 டெபாசிட்டில் ஆண்டு முழுக்கத் தூங்கும். டெபாசிட்டுக்கு 7,500, சேமிப்புக்கு 750. இதுவரை அருமை. ஆனால் 1ஆம் தேதி வரும் சம்பளம் 60,000 அப்படியே டெபாசிட்டாகப் போகிறது. 5ஆம் தேதிக்குள் 30,000 உடைகிறது. வங்கி டெபாசிட்டின் குறைந்தபட்சக் காலம் 7 நாள், அதற்குள் உடைத்தால் வட்டியே கிடையாது. மீதி 30,000 கொஞ்சம் கொஞ்சமாக உடையும்போது, 6.25 சதவீதம் கிடைக்காது. எத்தனை நாள் இருந்ததோ அந்த நாட்களுக்குரிய வட்டியிலிருந்து அபராதத்தைக் கழித்துத் தருவார்கள். ஒரு மாதத்துக்குள் என்றால் 3 சதவீதத்தில் 1 போய் 2 சதவீதம் என்ற அளவில்தான் நிற்கும். ஆண்டு முழுவதும் சேர்த்தும் அந்தச் சம்பளப் பகுதியில் 300 ரூபாய் தேறுவது கடினம். மொத்தம் ஏறத்தாழ 8,500.

சரி, இப்போது வரம்பை மட்டும் 90,000 ஆக்கிப் பாருங்கள். 30,000 கைமிச்சம், 60,000 சம்பளம், இரண்டும் சேர்ந்து 90,000. சம்பளம் வந்த அன்று மொத்தம் 2,10,000. அதில் 1,20,000 டெபாசிட்டுக்குப் போகிறது, 90,000 சேமிப்பில் நிற்கிறது. செலவு எல்லாம் சேமிப்பிலிருந்தே போய் மாதக் கடைசியில் 30,000 ஆகிறது. அடுத்த சம்பளம் வந்ததும் மறுபடி 90,000. டெபாசிட் ஒருமுறைகூட உடையவில்லை. டெபாசிட்டில் 7,500, சேமிப்பில் சராசரி 50,000க்கு 1,250, மொத்தம் 8,750 ரூபாய். இப்போது வாங்கும் 4,250ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் வங்கி எந்த நிலையில் டெபாசிட்டை உடைக்கும்? கணக்கில் பணம் போதாதபோது மட்டும் உடைக்கும் வங்கி என்றால் 90,000 வரம்பு மேலே சொன்னபடியே வேலை செய்யும். வரம்புக்குக் கீழே இறங்கினாலே நிரப்பும் வங்கி என்றால், 90,000 வைத்தால் மாதம் முழுக்க டெபாசிட்டை உடைத்து நிரப்பிக்கொண்டே இருக்கும், அப்புறம் அது வீண். அந்த வகை வங்கியில் ஸ்வீப்பை எடுக்காமல், 1,20,000 ரூபாயை ஆப்பிலேயே சாதாரண டெபாசிட்டாகப் போட்டுவிடுங்கள். அதே 8,750 கிடைக்கும். 40,000 ரூபாய் வீதம் மூன்றாகப் பிரித்துப் போட்டால், அவசரத்தில் ஒன்றை மட்டும் உடைக்கலாம். கையால் செய்ய வேண்டிய வேலை வருடத்துக்கு ஒருமுறைதான்.

உடைக்க நேர்ந்தால் என்ன இழப்பு என்பதையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் அந்தப் பயத்தில்தான் பலர் மொத்தப் பணத்தையும் சேமிப்பிலேயே விட்டுவைக்கிறார்கள். நான்காவது மாதம் மருத்துவச் செலவுக்கு 40,000 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு மாத டெபாசிட்டுக்கு வங்கி அன்று தந்த வட்டி 5 சதவீதம், அபராதம் அரை சதவீதம் என்றால், 4.5 சதவீதத்துக்கு 600 ரூபாய் வட்டி கிடைக்கும். உடைக்காமல் இருந்திருந்தால் 833. சேமிப்பிலேயே கிடந்திருந்தால் 333. உடைத்த பிறகும் சேமிப்பைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு. ஸ்வீப்பில் மீதி 80,000 பழைய வட்டியிலேயே தொடரும், அதுதான் அதன் உண்மையான லாபம். சாதாரண டெபாசிட்டில் பல வங்கிகள் பகுதியாக உடைக்க விடுவதில்லை. அதனால்தான் மூன்றாகப் பிரிக்கச் சொன்னேன்.

ஸ்வீப் போடும் முன் கேட்க வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. டெபாசிட் எவ்வளவு காலத்துக்குப் போடப்படும்? சில திட்டங்களில் மிகக் குறுகிய காலத்துக்கே போடுவார்கள், வட்டியும் அதற்கேற்பக் குறைவாக இருக்கும். ஒரு வருடத்தைத் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று பாருங்கள். இரண்டாவது, பல டெபாசிட்டுகள் இருந்தால் எது முதலில் உடையும்? கடைசியில் போட்டது முதலில் உடைவதுதான் உங்களுக்கு நல்லது. அப்படியென்றால் 10 மாதம் கனிந்த பழைய டெபாசிட் தப்பிக்கும், நேற்றுப் போட்டது உடையும்.

டெபாசிட்டுக்கு இன்னொரு பலமும் உண்டு. சேமிப்பு வட்டியை வங்கி எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், மாற்றிய நாளிலிருந்து உங்கள் முழு இருப்புக்கும் புது வட்டிதான். டெபாசிட் போட்ட நாளின் வட்டி முதிர்வு வரை மாறாது. வட்டி இறங்கும் காலத்தில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

வரியை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். உங்கள் ஆண்டு வருமானம் 7,20,000. புதிய வரி முறையில் 2025-26 முதல் 12 லட்சம் வரை வருமானத்துக்குக் கழிவு கிடைப்பதால் உங்களுக்கு இதில் வேறுபாடு இல்லை. பழைய முறையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அங்கே 60 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குச் சேமிப்புக் கணக்கு வட்டியில் 10,000 வரை விலக்கு உண்டு, டெபாசிட் வட்டிக்கு இல்லை. ஸ்வீப்பில் வருவது டெபாசிட் வட்டிதான். 20 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு, செஸ்ஸும் சேர்த்து 20.8 சதவீதம் என்றால், 7,500 ரூபாயில் 5,940தான் மிஞ்சும். சேமிப்பு வட்டியோடு சேர்த்து 7,190. அடுக்கு வட்டி வங்கியின் 6,500 முழுதாகக் கையில் நிற்கும். ஆக அவருக்கு வித்தியாசம் வெறும் 690 ரூபாய். 30 சதவீதத்தில் இருப்பவருக்குக் கையில் நிற்பது 6,410தான், அடுக்கு வட்டி வங்கியே 90 ரூபாய் கூடுதலாகத் தரும். டிடிஎஸ் பிடித்தம், ஒரே வங்கியில் டெபாசிட் வட்டி ஆண்டுக்கு 50,000 தாண்டினால்தான், மூத்த குடிமக்களுக்கு 1 லட்சம். உங்கள் தொகைக்கு அந்தக் கவலை இல்லை.

இனி கட்டணம். வட்டியில் நாம் தேடிப் பிடித்த லாபம் 4,500 ரூபாய். அதைக் கரைக்கக்கூடியவை மூன்றுதான்: குறைந்தபட்ச இருப்பு அபராதம், ஆட்டோ டெபிட் திரும்பினால் போடும் கட்டணம், டெபிட் கார்டு ஆண்டுக் கட்டணம். கார்டுக் கட்டணம் 200 என்றால் 18 சதவீத ஜிஎஸ்டியோடு 236. அது தெரிந்த செலவு, கணக்கில் கழித்துக்கொண்டால் போதும். மற்ற இரண்டும் தெரியாமல் வருபவை.

குறைந்தபட்ச இருப்பில் நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன். ஒரு வங்கியில் ஸ்வீப் வைத்திருந்தேன், வரம்பு 25,000. மாதச் சராசரி இருப்பு 10,000 இருக்க வேண்டும் என்பது விதி. டெபாசிட்டில் 2 லட்சத்துக்கு மேல் இருந்தது, அதனால் கவலையே படவில்லை. அந்த வங்கி, கணக்கு காலியான பிறகே டெபாசிட்டை உடைக்கும் வகை. ஒரு மாதம் செலவு அதிகமாகி, சேமிப்பில் 3,000, 2,000 என்று கிடந்தது. டெபாசிட்டில் உள்ள பணத்தை அவர்கள் சராசரிக்குச் சேர்க்கவில்லை. அபராதம் ஜிஎஸ்டியோடு பிடித்துவிட்டார்கள். ஆனால் முன்னறிவிப்பு எதுவும் எனக்கு வரவில்லை. 2015 ஏப்ரலிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதி இதில் தெளிவாக இருக்கிறது: இருப்பு குறைந்தால் முதலில் எஸ்எம்எஸ், மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் சொல்ல வேண்டும், சரிசெய்யக் குறைந்தது ஒரு மாத அவகாசம் தர வேண்டும், எவ்வளவு குறைந்ததோ அதன் விகிதத்தில்தான் அபராதம் போட வேண்டும், அபராதத்தால் மட்டுமே கணக்கு மைனஸில் போகக் கூடாது. இதை எழுதிப் புகார் கொடுத்தேன். மூன்று வாரத்தில் பணம் திரும்ப வந்தது. உங்கள் கணக்கிலும் அப்படிப் பிடித்திருந்தால் முன்னறிவிப்பு வந்ததா என்று பழைய எஸ்எம்எஸ்களைத் தேடிப் பாருங்கள், வரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

சராசரி இருப்பு என்பது தினமும் அந்தத் தொகை இருக்க வேண்டும் என்பதல்ல. ஒவ்வொரு நாளின் கடைசி இருப்பையும் கூட்டி, நாட்களின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். 10,000 சராசரிக்கு 30 நாள் மாதத்தில் கூட்டுத்தொகை 3,00,000 வந்தால் போதும். 20ஆம் தேதி பார்க்கும்போது சராசரி குறைவாகத் தெரிந்தால், 1 லட்சத்தை வேறு கணக்கிலிருந்து கொண்டுவந்து மூன்று இரவு வைத்து எடுத்தாலே அந்த மாதம் நிறைந்துவிடும். நீங்கள் 90,000 வரம்பில் இருந்தால் உங்கள் சராசரி 50,000 இருக்கும் என்பதால் பெரும்பாலும் இந்தச் சிக்கல் வராது. அரசு வங்கிகளில் பல இப்போது இந்த அபராதத்தையே எடுத்துவிட்டன. ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சில் எடுத்தது, 2025இல் கனரா, பஞ்சாப் நேஷனல், பரோடா, இந்தியன் வங்கிகள் எடுத்தன. உங்களுடையது சம்பளக் கணக்கு என்றால் இப்போது குறைந்தபட்ச இருப்பே இருக்காது. ஆனால் வேலை மாறிச் சம்பளம் வருவது நின்றால், சில மாதங்களில் அதைச் சாதாரணக் கணக்காக மாற்றி, விதியை அமலாக்குவார்கள். வேலை மாறும்போது பழைய கணக்கை அப்படியே மறந்துவிடுபவர்களுக்கு அடி விழுவது இதனால்தான்.

ஆட்டோ டெபிட்தான் எனக்கு அதிகக் கவலை தரும் இடம். கடன் தவணை, இன்சூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி இவையெல்லாம் நாச் மேண்டேட் வழியாக, அதாவது கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ள நாம் முன்கூட்டியே கொடுத்த அனுமதியின்படி, பிடிக்கப்படும். பணம் இல்லாமல் திரும்பினால் 500 ரூபாயும் ஜிஎஸ்டியும் சேர்த்து 590 என்ற அளவில் வங்கி பிடிக்கும், கடன் கொடுத்தவர் தனியாக ஒரு கட்டணம் போடுவார், கிரெடிட் ஸ்கோரும் பாதிக்கப்படலாம். தலைகீழ் ஸ்வீப் எந்தெந்த வகைச் செலவுக்கு வேலை செய்யும் என்பதை வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்: ஏடிஎம், யுபிஐ, காசோலை, நாச், நான்குக்கும் தனித்தனியாக. "எல்லாத்துக்கும் வரும் சார்" என்று கவுண்டரில் சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள். சோதிக்க ஒரு வழி உண்டு. முதல் மாதத்தில் வரம்பைக் குறைவாக வைத்து, சேமிப்பில் 500 ரூபாய் மட்டும் விட்டு, 1,000 ரூபாயை யுபிஐயில் அனுப்பிப் பாருங்கள். போனால் யுபிஐக்கு உடனடியாக உடைகிறது என்று தெரிந்துவிடும். தவணைத் தேதியில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

இதே வசதியில் ஒரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதே இல்லை. யுபிஐயில் உடனே உடையும் டெபாசிட் என்றால், உங்கள் பின் நம்பரை ஏமாற்றி வாங்கியவனுக்கும் அது உடனே உடையும். கணக்கில் 30,000தான் இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், அவனுக்கு 1,50,000 திறந்து கிடக்கும். அதனால் நான் எல்லாருக்கும் சொல்வது: ஸ்வீப் கணக்கை யுபிஐயில் இணைக்காதீர்கள். குறைந்தபட்ச இருப்பு இல்லாத இன்னொரு சிறிய கணக்கைத் திறந்து, அதை மட்டும் போனில் யுபிஐக்கு வையுங்கள். மாதம் ஒருமுறையோ இருமுறையோ கைச்செலவுக்கு 10,000, 15,000 அதில் போடுங்கள். நெஃப்ட் மூலம் இணையத்தில் அனுப்ப 2020 ஜனவரியிலிருந்து சேமிப்புக் கணக்குக்காரர்களுக்குக் கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் போகும். அந்தச் சிறிய கணக்கைத் தேர்ந்தெடுக்கும்போது வட்டியைப் பார்க்கவே வேண்டாம், யுபிஐ தடையில்லாமல் போகிறதா என்பதைப் பாருங்கள்.

அதைப் பார்க்க விளம்பரமும் ஆப் ஸ்டோர் நட்சத்திரமும் தேவையில்லை. யுபிஐயை நடத்தும் என்பிசிஐ, ஒவ்வொரு மாதமும் தன் இணையதளத்தில் வங்கிவாரியாகத் தோல்விக் கணக்கை வெளியிடுகிறது. அதில் இரண்டு வகை இருக்கும். ஒன்று, பணம் போதாமை, தவறான பின் போன்ற வாடிக்கையாளர் பக்கக் காரணங்கள். இன்னொன்று, வங்கியின் சர்வர் அல்லது நெட்வொர்க் கோளாறால் நேரும் தொழில்நுட்பத் தோல்வி. இரண்டாவதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். ஒரு மாதத்தை வைத்து முடிவு செய்யாமல் நாலைந்து மாதத்தை ஒப்பிட்டால், எந்த வங்கியின் சர்வர் அடிக்கடி திணறுகிறது என்பது நன்றாகவே தெரியும்.

ஸ்வீப் வைக்கும் பெரிய கணக்கின் ஆப்பில் எனக்கு முக்கியமாகத் தெரிபவை வேறு. டெபாசிட்டை ஆப்பிலேயே பகுதியாக உடைக்க முடிகிறதா, கிளைக்குப் போகச் சொல்கிறார்களா? ஸ்வீப் வரம்பை நாமே மாற்ற முடிகிறதா? மேண்டேட்டுகளின் பட்டியல் ஒரே திரையில் தெரிகிறதா, அங்கேயே ரத்து செய்ய முடிகிறதா? கார்டை ஒரு தொடுதலில் முடக்கவும், வெளிநாட்டு, இணைய, ஏடிஎம் வரம்புகளைத் தனித்தனியாக இறக்கவும் முடிகிறதா? இதில் கடைசிதான் உயிர் போகிற நேரத்தில் உதவுவது. பணம் திருடு போனால் நேரம் முக்கியம். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாத மோசடியை 3 வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பு இல்லை. 4 முதல் 7 நாளுக்குள் என்றால் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் உங்கள் பொறுப்பு 10,000 வரை போகும். நீங்களே பின்னையோ ஓடிபியையோ கொடுத்துவிட்டால், தெரிவிக்கும் வரை போனது உங்கள் தலையில்தான். உடனே வங்கிக்கும் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கும் சொல்ல வேண்டும்.

சிறு நிதி வங்கியை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. அங்கே டெபாசிட் வட்டி பெரிய வங்கியைவிடக் கூடுதலாகக் கிடைப்பது வழக்கம். நம் 1,20,000 ரூபாயை அங்கே ஒரு வருட டெபாசிட்டாகப் போட்டால் 8,750ஐவிட அதிகமாகவே வரலாம். எல்லா வணிக வங்கிகளையும் போலவே அவற்றுக்கும் டெபாசிட் காப்பீடு உண்டு: ஒரு வங்கியில் ஒருவருக்கு, சேமிப்பு, டெபாசிட், அசல், வட்டி எல்லாம் சேர்த்து 5 லட்சம் வரை. உங்கள் தொகை அதற்குள்தான். ஆனால் அது அவசரப் பணம். இரவில் மருத்துவமனையில் நிற்கும்போது, அந்த ஆப்பில் உடைத்து, இந்த வங்கிக்கு மாற்றி, பிறகு கட்டுவது என்று இரண்டு படிகள் கூடும். 80,000ஐ ஸ்வீப்பிலும் 40,000ஐ அங்கேயும் வைக்கத் துணிவு இருந்தால் செய்யுங்கள். முழுவதையும் அங்கே வைப்பதை நான் செய்ய மாட்டேன்.

கடைசியில் மாறுவது என்றே முடிவானால், பழைய கணக்கை உடனே மூடாதீர்கள். முதலில் அதன் ஒரு வருட ஸ்டேட்மெண்டை எடுத்து, தானாகப் போகும் ஒவ்வொரு தொகையையும் குறித்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒருமுறை போகும் இன்சூரன்ஸ் பிரீமியம்தான் எப்போதும் மறந்துபோகும். எல்லா மேண்டேட்டும் புதுக் கணக்குக்கு மாறி, ஒவ்வொன்றும் ஒருமுறையாவது அங்கிருந்து பிடிக்கப்பட்ட பிறகு மூடுங்கள். அதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை பழைய கணக்கில் ஒரு தவணை அளவுக்குப் பணம் இருக்கட்டும்.